உச்சி வெயிலில் எதற்கு லைட்? சினிமா எடுக்கும் கலையைச் சொல்லும் ஆவணப்படங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி

சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, 'சினிமா பற்றிய சிறந்த ஆவணப்படங்கள்' என்று தேடி, வருகிற பட்டியலில் மேலே இருப்பதைப் போட்டுப் பார்ப்பது. அப்படிப் போனால் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு உலக சினிமா வரலாற்றுத் தொடரில் போய் நிற்பீர்கள், இரண்டாம் பகுதியோடு அது நின்றும் போகும். தொடர் மோசம் என்பதால் இல்லை. மார்க் கசின்ஸ் 2011-இல் எடுத்த 'தி ஸ்டோரி ஆஃப் ஃபிலிம்' அருமையான தொடர். ஆனால் நாம் பார்த்தே இராத படங்களின் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது புதிதாக வருகிறவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. அதனால் பட்டியலை ஓரமாக வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஒரே ஒரு ஆவணப்படத்தைத் தேடுங்கள்.

முதலில் கேள்வி

எங்கள் பக்கத்தில் கேள்விக்குப் பஞ்சம் இல்லை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு பெரிய வீட்டில் ஷூட்டிங் நடந்திருக்கும். தெருவில் ஜெனரேட்டர் வண்டி நிற்கும், வளவுக்குள் லைட்டுகள் இறங்கும், தெர்மாகோல் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் ஓடுவார்கள். இதையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்த ஒரு ஆச்சி என்னிடம் கேட்டது இது: "ஏன் தம்பி, முற்றத்துல வெயில் இப்படிக் கொட்டுது, அதுக்குள்ள எதுக்கு இத்தனை லைட்டு?"

இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம், ஆனால் அந்தப் பதிலை நீங்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அங்கேதான் ஆவணப்படம் வேண்டும். ஒரு வரிப் பதில் என்னவென்றால், வெயில் விழும் முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் இருட்டையும் நம் கண் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளும், கேமராவால் அவ்வளவு முடியாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிகிற அளவுக்குக் கேமராவைத் திறந்தால் முற்றம் வெள்ளையாக வெளுத்துவிடும். முற்றத்துக்குச் சரியாக வைத்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும். ஆகவே இருட்டான பக்கத்துக்கு லைட் போட்டு இரண்டையும் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும். காலை பத்து மணிக்குத் தொடங்கிய காட்சியை மாலை நான்கு மணிக்கு முடிக்கிறார்கள், படத்தில் அது மூன்று நிமிடப் பேச்சு. காலையில் எடுத்த ஷாட்டும் மாலையில் எடுத்த ஷாட்டும் ஒரே நேரம்போலத் தெரிய வேண்டும் அல்லவா?

சரி, இப்போது உங்கள் கேள்வி ஒளி பற்றியது என்று தெரிந்துவிட்டது. இப்படி ஒரு தொழிலுக்குள் கேள்வியை அடக்கிக்கொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. 'சினிமா பற்றி' ஆவணப்படம் தேடாதீர்கள், ஒளிப்பதிவு பற்றி, எடிட்டிங் பற்றி, ஒலி பற்றி என்று தேடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை போகிறேன். வேறு கேள்வி உள்ளவர்களும் இதே வழியில் போகலாம்.

பார்ப்பதற்கு முன் ஒரு சோதனை

ஒரு ஆவணப்படத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பதற்கு முன் அதன் முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று, யார் பேசுகிறார்கள். அந்த வேலையைக் கையால் செய்தவர்களா, அல்லது அதைப் பார்த்து ரசித்தவர்களா? ரசிகர்கள் பேசுவது தவறில்லை, ஆனால் "அப்படியே மெய்சிலிர்த்துப் போனேன்" என்கிற வாக்கியத்திலிருந்து நமக்குக் கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்காது. "நான் விளக்கை மேலே வைத்தேன், ஏனென்றால் அவருடைய மேக்கப்புக்கு அதுதான் ஒத்துவந்தது" என்று ஒருவர் சொன்னால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது. அடுத்து வேறு ஒரு படத்தில் அதே காரணத்தை நீங்களே தேடலாம்.

இரண்டு, சொன்னதைக் காட்டுகிறார்களா. பேசுகிறவர் ஒரு ஷாட்டைப் பற்றிச் சொல்லும்போது அதே ஷாட் திரையில் வர வேண்டும், அதுவும் நாம் பார்த்து முடிக்கிற அளவுக்கு நிற்க வேண்டும். இரண்டு நொடியில் வெட்டி வெட்டி, பின்னணியில் ஆரவாரமான இசையோடு ஓடினால் அது டிரெய்லரின் நீட்சி. படம் வெளியாகும் வாரத்தில் தயாரிப்பு நிறுவனமே வெளியிடும் 'மேக்கிங் வீடியோ' பெரும்பாலும் இந்த வகைதான். எல்லோரும் எல்லோரையும் புகழ்வார்கள், ஹீரோ கயிற்றில் தொங்குவார், இயக்குநர் சிரிப்பார், முடிந்தது. விளம்பரத்துக்காக எடுத்ததில் "இந்த இடத்தில் எங்களுக்கு வரவில்லை, அதனால் மாற்றினோம்" என்ற பேச்சே வராது. அந்தப் பேச்சு வருகிறதா என்பதுதான் உண்மையான அடையாளம்.

மூன்று, எந்த ஆண்டு எடுத்தது, எந்த நாட்டுப் படங்களைப் பற்றியது. இது குறை கண்டுபிடிக்க அல்ல, எல்லையைத் தெரிந்துகொள்ள. அமெரிக்கப் படங்களை மட்டும் காட்டிவிட்டு 'சினிமா ஒளிப்பதிவின் வரலாறு' என்று சொல்கிற படத்தைப் பார்த்துவிட்டு, நம்மூரில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒளிக்கு நான் சொல்வது: 'விஷன்ஸ் ஆஃப் லைட்'

1992-இல் வந்த படம், ஒன்றரை மணி நேரம்தான். அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியும் சேர்ந்து எடுத்தது. தேடும்போது Visions of Light 1992 என்று ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள், வெறும் பெயரைப் போட்டால் பாட்டும் ஓவியமும்தான் வரும். எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு ஆங்கிலம். வேகமாகப் பேசுகிறவர்கள் இருப்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

மேலே சொன்ன சோதனையில் இது எப்படித் தேறுகிறது என்று பாருங்கள். பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒளிப்பதிவாளர்கள். அவர்கள் தங்கள் சொந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசும்போதே அந்தக் காட்சி ஓடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களிலிருந்து துண்டுகள் வருகின்றன, அதனால் எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள். நான்கு இடங்களில் மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும்.

முதல் இடம், பேசும் படம் வந்த காலம். மௌனப் படங்களின் கடைசி ஆண்டுகளில் கேமரா இஷ்டத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 1920-களின் கடைசியில் ஒலி வந்தவுடன் கேமராவின் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள், ஆளோடு சேர்த்து. திடீரென்று படங்கள் நின்ற இடத்தில் நின்று பேச ஆரம்பித்தன. நம்முடைய பழைய படங்கள் ஏன் மேடை நாடகம்போல இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்தச் சில நிமிடங்கள் பாதிப் பதில். மீதிப் பாதி நம் படங்கள் உண்மையிலேயே நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவை என்பது, அது இந்த ஆவணப்படத்தில் கிடைக்காது.

இரண்டாவது, 1967-இல் வந்த 'இன் கோல்ட் பிளட்'. சிறையில் ஒரு கைதி, வெளியே மழை, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும்போது, வழியும் தண்ணீரின் நிழல் அவன் கன்னத்தில் விழுகிறது. அவன் அழவில்லை, ஆனால் முகம் முழுக்கக் கண்ணீர் ஓடுவதுபோல இருக்கிறது. ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹால், இது திட்டமிட்டு வந்ததல்ல, ஒத்திகையின்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்கிறார். இதைப் பார்த்துவிட்டு "என்ன அதிர்ஷ்டம்" என்று நகர்ந்துவிட வேண்டாம். மழைக்கும் முகத்துக்கும் விளக்குக்கும் இடையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். விளக்கு ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடி நடுவில், முகம் கண்ணாடிக்குப் பக்கத்தில். முகம் தள்ளிப்போனால் நிழல் மங்கிவிடும். தற்செயலாக நடந்தது கண்ணில் பட்டதும் அதைக் கெடுக்காமல் அப்படியே காட்சியாக எடுத்ததுதான் தொழில்.

மூன்றாவது 1972-இல் வந்த 'தி காட்ஃபாதர்'. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கை மார்லன் பிராண்டோவின் தலைக்கு மேலே வைக்கிறார். புருவத்தின் நிழல் விழுந்து கண்கள் இருட்டுக்குள் போய்விடுகின்றன. அதுவரை ஹாலிவுட்டில் கண் தெரிய வேண்டும் என்பது கிட்டத்தட்ட ஒரு சட்டம். இந்த இடத்தை நன்றாகப் பார்த்து வையுங்கள், ஏனென்றால் செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வெளிச்சம் புதிதல்ல. மேலே திறந்த முற்றத்தின் ஓரத்தில் உச்சி வேளையில் நிற்பவரின் முகத்தில் விழுவது இதே வெளிச்சம்தான்.

நான்காவது ஒளியைப் பற்றியதே அல்ல, ஆனால் படத்திலேயே மிக நல்ல கதை. 1968-இல் வந்த 'ரோஸ்மேரீஸ் பேபி'யில் ஒரு அம்மாள் உள்ளறையில் உட்கார்ந்து போன் பேசுகிறார். ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் கதவு வழியாக அவர் முழுசாகத் தெரியும்படி கேமராவை வைக்கிறார். இயக்குநர் போலான்ஸ்கி அதை நகர்த்தச் சொல்கிறார், நகர்த்தினால் கதவுச் சட்டம் அந்த அம்மாளின் முகத்தை மறைத்துவிடுகிறது. ஃப்ரேக்கருக்குக் காரணம் புரியவில்லை. பிறகு தியேட்டரில் பார்க்கும்போது, கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகக் கூட்டம் மொத்தமும் தலையைச் சாய்க்கிறது. வாசலுக்குப் பின் வாசல், கட்டுக்குப் பின் கட்டு என்று நேர்க்கோட்டில் கதவுகள் வரிசையாக இருக்கிற வீடுகளில் வாழ்கிற நமக்கு, ஒரு கதவு எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று யோசிக்க இது நல்ல தொடக்கம்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி ஹாலிவுட். 1992-இல் முடிந்துவிடுவதால் டிஜிட்டல் கேமரா பற்றி ஒன்றும் இல்லை. எந்த விளக்கு, எவ்வளவு தூரம், எந்த லென்ஸ் என்ற கணக்குகளுக்குள்ளும் அதிகம் போகாது. கண்ணைப் பழக்கும், கையைப் பழக்காது. கையைப் பழக்க ஒரு மதிய நேரம் ஒதுக்குங்கள்.

முற்றத்தில் ஒரு மதியம்

இந்தப் படத்தைப் பார்த்த இரண்டொரு நாளுக்குள் இதைச் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் பார்த்தது ஆவியாகிவிடும். பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில், வெயில் நேராக முற்றத்தில் இறங்கும்போது, வீட்டில் யாரையாவது தாழ்வாரத் தூண் பக்கத்தில் முற்றத்தைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். எதிரே முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்றால் முகம் தெரியும். பக்கவாட்டில் நின்றால் முகமும் வெயில் விழுந்த முற்றமும் ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டில் நில்லுங்கள்.

போன் கேமராவில் திரையில் அவர் முகத்தை விரலால் தொடுங்கள். முகம் தெளியும், முற்றம் வெளுத்துப்போகும். இப்போது வெயில் விழுந்த தரையைத் தொடுங்கள். தரையில் பூ வேலை தெளிவாகத் தெரியும், முகம் கறுத்துப்போகும். ஆச்சியின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான், உங்கள் கையிலேயே இருக்கிறது. பெரும்பாலான போன்களில் தொட்ட இடத்திலேயே விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். தரைக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள், இனிமேல் நாம் செய்யப்போகும் மாற்றத்தை போன் தானாகச் சரிக்கட்டிக் கெடுக்காது.

அடுத்து ஒரு வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெயிலுக்குள் நில்லுங்கள். வெயில் வேட்டியில் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று கண்கள் திறந்துகொண்ட மாதிரி தெரியும். வேட்டியோடு முகத்துக்கு நெருங்கி வந்தால் வெளிச்சம் வேகமாகக் கூடும், இரண்டு எட்டுப் பின்வாங்கினால் வேகமாகக் குறையும். லைட்மேன்கள் தெர்மாகோலை வைத்துக்கொண்டு செய்வது இதைத்தான், இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பவுன்ஸ். முகத்தின் மறுபக்கத்தில் ஒரு கறுப்புப் போர்வையைப் பிடித்துப் பாருங்கள், அந்தக் கன்னம் இன்னும் இருண்டு முகத்துக்கு ஒரு திரட்சி வரும்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். நம் வீட்டுத் தரையே ஒரு விளக்கு. வெயில் படும் இடத்தில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அந்தச் சிவப்பு அவருடைய தாடைக்கு அடியில் ஏறும். அதே மாதிரி பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருப்பதால் முற்றத்து வெளிச்சத்தைத் தாழ்வாரத்துக்குள் தள்ளும். ஒரு வீட்டின் தாழ்வாரம் ஏன் இன்னொரு வீட்டைவிட வெளிச்சமாக இருக்கிறது என்பதை இதற்குப் பிறகு நீங்களே சொல்லிவிடுவீர்கள். முற்றம் இல்லாத வீட்டுக்காரர்கள் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து இதையே செய்யலாம், பலன் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

இதே முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தவர்

'விஷன்ஸ் ஆஃப் லைட்' சொல்லாமல் விட்ட ஒரு கதை உண்டு, அது நமக்குத்தான் மிகவும் நெருக்கமானது. சத்யஜித் ராய் 1956-இல் எடுத்த 'அபராஜிதோ'வில் காசியில் ஒரு வீடு வருகிறது, நடுவில் முற்றம் உள்ள வீடு. அதைத் திறந்த வெளியில் செட் போடத்தான் நினைத்தார்கள். மழைக்காலம் நெருங்கியதால் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் போட வேண்டியதாயிற்று. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மறுத்தார். வானத்திலிருந்து முற்றத்துக்குள் இறங்கும் வெளிச்சத்துக்கு நிழலே கிடையாது, ஸ்டுடியோ விளக்கு போட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிழல் விழும், பொய் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். வாதம் எடுபடவில்லை. அப்புறம் அவர் செய்ததைப் பாருங்கள்: செட்டுக்கு மேலே ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியை வானம்போல இழுத்துக் கட்டினார், விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் நிழல் இல்லாமல் முற்றத்தில் இறங்கியது. உங்கள் வேட்டியை மேலே கட்டினால் அதுதான்.

இதைத் தெரிந்துகொண்டு 'அபராஜிதோ'வின் காசி வீட்டுக் காட்சிகளைப் பாருங்கள், தூணுக்குக் கீழே நிழல் எப்படி விழுகிறது என்று தேடுங்கள். அதற்குப் பிறகு ராயைப் பற்றி ஷியாம் பெனகல் எடுத்த ஆவணப்படத்துக்குப் போகலாம், 1980-களில் வந்தது. ராய் 'கரே பாய்ரே' படப்பிடிப்பில் வேலை செய்வதை அதில் காணலாம், தன் படங்களைப் பற்றி நிதானமாகப் பேசுவதையும் கேட்கலாம். ஒரு இயக்குநரைப் பற்றி இன்னொரு இயக்குநர் எடுக்கும்போது கேள்விகள் வேறு மாதிரி வரும், புகழ்ச்சிக்கு நேரம் இருக்காது. ஆவணப்படம் தேர்ந்தெடுக்கும்போது எடுத்தவர் யார் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வரலாறு வேண்டும் என்றால்

தொழிலைப் பற்றிய படத்தில் பேசுகிறவர் முக்கியம். வரலாற்றைப் பற்றிய படத்தில் அதைவிட முக்கியம், பழைய படச்சுருள் கையில் இருக்கிறதா என்பது. இதை நாம் மறந்துவிடுகிறோம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது, இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அதே ஆண்டு வந்த முதல் இந்தியப் பேசும் படம் 'ஆலம் ஆரா'வும் இல்லை. பழைய பிலிமில் வெள்ளி இருக்கும், அதை எடுப்பதற்காகவே எத்தனையோ சுருள்களை அழித்தார்கள். ஆகவே தமிழ் சினிமாவின் தொடக்கத்தைச் சொல்கிறேன் என்று ஒரு படம் வந்தால், திரையில் ஓடுவது உண்மையான அந்தக் காலத்துக் காட்சியா, புகைப்படமா, அல்லது வேறு ஏதோ படத்தின் துண்டா என்று பாருங்கள். நல்ல ஆவணப்படம் எது இல்லை என்பதையும் சொல்லும். பொத்தாம்பொதுவாகக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளை ஓட்டி மேலே குரல் கொடுக்கிற படத்தை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

இதைப் புரிந்துகொள்ளச் சிறந்த படம் 'செல்லுலாய்ட் மேன்'. ஷிவேந்திர சிங் துங்கர்பூர் 2012-இல் எடுத்தது. 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயரைப் பற்றியது. பால்கே எடுத்த படங்களின் மிச்சம் மீதியை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு அவர் அலைந்த அலைச்சல் காரணம். ஒரு படத்தின் பெயரைச் சொன்னால் எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் வருகிறது என்று சொல்கிற மனிதர் அவர். நீளமான படம், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டு இரவாகப் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

தமிழுக்கு வர வேண்டும் என்றால் கரண் பாலி 2013-இல் எடுத்த 'அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்'. தமிழ் தெரியாமல் 1935-இல் இங்கே வந்து, எம்.ஜி.ஆர். முதன்முதலாக நடித்த 'சதிலீலாவதி'யில் தொடங்கி 1950-இல் 'மந்திரிகுமாரி' வரை தமிழ்ப் படங்கள் எடுத்த எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றியது. ஒளியைப் பிடித்துக்கொண்டு வந்த நமக்கு டங்கனிடம் ஒரு விசேஷம் இருக்கிறது. 1945-இல் வந்த 'மீரா'வுக்காக அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிலையாகச் செய்யவைத்து, அதன்மேல் பல கோணங்களில் விளக்கைப் போட்டுச் சோதித்தார்கள். எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்த பிறகுதான் ஷூட்டிங். 'மீரா'வின் க்ளோசப்புகளை இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், பாட்டை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த படம் வேறு படமாகத் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமை இரண்டைச் சொல்லாமல் போக முடியாது. கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார், காந்தியைப் படம் பிடித்த துண்டுகள் உலகத்தில் எங்கெங்கே யார் யாரிடம் இருக்கின்றன என்று தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் போய்ச் சேகரித்து 1940-இல் காந்தி ஆவணப்படத்தை வெளியிட்டார். வரலாற்று ஆவணப்படத்துக்குச் சுருள்தான் உயிர் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை. இன்னொன்று தேவகோட்டை ரஸ்தா. ஏவி.எம். சென்னைக்குத் திரும்புவதற்கு முன்னால் 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே கொட்டகை போட்டுத்தான் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தை இன்று பார்க்கும்போது, ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே பாருங்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நல்ல ஆவணப்படம் வர வேண்டும் என்பது என் ஆசை.

எதைத் தள்ளிவைக்கலாம்

ஷூட்டிங் சண்டைகளையும் விபத்துகளையும் சொல்லும் ஆவணப்படங்கள் மிகவும் விறுவிறுப்பானவை, அதனால் எல்லோரும் அவற்றைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். 'அபோகலிப்ஸ் நவ்' எடுத்த கதையைச் சொல்லும் 1991-ஆம் ஆண்டின் 'ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' அந்த வகையில் உச்சம். பிலிப்பைன்ஸில் புயல் செட்டுகளை அடித்துப் போகிறது, நாயகனுக்கு மாரடைப்பு வருகிறது, வாடகைக்கு வந்த ராணுவ ஹெலிகாப்டர்கள் பாதி ஷூட்டிங்கில் வேறு வேலைக்குப் பறந்துவிடுகின்றன. இயக்குநரின் மனைவி எலினார் கப்போலா உடனிருந்து எடுத்த காட்சிகள் என்பதால் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அது ஒரு படத்தை முடிக்கப் பட்ட பாட்டைச் சொல்கிறது, ஒரு ஷாட்டை ஏன் அப்படி எடுத்தார்கள் என்பதைக் குறைவாகத்தான் சொல்கிறது. மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பாருங்கள். முதலில் பார்த்தால் சினிமா என்றாலே கஷ்டப்படுவதுதான் என்ற எண்ணம் மட்டும் மனதில் நிற்கும்.

வரிசை பற்றி இன்னொன்று. ஆவணப்படம் பேசப்போகும் படங்களில் ஒன்றையாவது முதலில் முழுசாகப் பார்த்துவிடுங்கள். ஆவணப்படங்கள் முடிவைப் போட்டு உடைப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது மட்டும் காரணமல்ல, கதை தெரியாத படத்தின் துண்டைப் பார்க்கும்போது கவனம் முழுவதும் 'இவன் யார், அவள் யார்' என்பதிலேயே போய்விடும், வெளிச்சத்தைப் பார்க்க மாட்டீர்கள். 'விஷன்ஸ் ஆஃப் லைட்'டில் நிறுத்திப் பார்க்கச் சொன்ன மூன்று படங்களில் 'தி காட்ஃபாதர்' சுலபமாகக் கிடைக்கும். அதைப் பாருங்கள், பிறகு ஆவணப்படம், பிறகு 'தி காட்ஃபாதர்' தொடக்கத்து இருட்டறைக் காட்சியை மட்டும் ஒலியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இசையும் பேச்சும் இல்லாதபோது விளக்கு எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

உங்கள் கேள்வி ஒளி அல்ல, வெட்டு என்றால் '78/52' பாருங்கள். 1960-இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சி ஒன்றைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் படம். 78 கேமரா நிலைகள், 52 வெட்டுகள் என்பதுதான் தலைப்பு. ரசிகர்கள் பேசும் இடங்கள் அதில் நிறைய, அவற்றைத் தாண்டிக்கொண்டு போய் எடிட்டர்கள் பேசும் இடங்களில் நில்லுங்கள். ஒலி என்றால் 2019-இல் வந்த 'மேக்கிங் வேவ்ஸ்', எடுத்த மிட்ஜ் காஸ்டினே ஒலித் தொகுப்பாளர். அப்புறம் 'விஷன்ஸ் ஆஃப் லைட்' விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால் 2012-இன் 'சைட் பை சைட்'. பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதைப் பற்றி ஒளிப்பதிவாளர்களும் இயக்குநர்களும் கியானு ரீவ்ஸுடன் உட்கார்ந்து வாதாடுகிறார்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். வெளுத்துப்போன முற்றத்தையும் கறுத்துப்போன முகத்தையும் போனில் பார்த்துவிட்டு அதற்குப் போனால், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் பிலிம் எவ்வளவு தாங்கும், டிஜிட்டல் எவ்வளவு தாங்கும் என்று அவர்கள் சண்டை போடுவது எதைப் பற்றி என்று உங்களுக்குப் புரியும்.